நேட்டிவ் ஜெல்லில் எஸ்.ஓ.டி. பட்டைகள்: எது எந்த வகை என்று பிரித்தறிவது எப்படி?

கேள்வி: இலைச் சாற்றை நேட்டிவ் ஜெல்லில் ஓட்டி, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் எனும் எஸ்.ஓ.டி. நொதிக்கான சாயம் ஏற்றினேன். ஊதா ஜெல்லில் நாலு வெள்ளைப் பட்டைகள் வந்தன. எல்லாமே எஸ்.ஓ.டி. தானா? எது மாங்கனீசு வகை, எது இரும்பு வகை, எது செம்பு-துத்தநாக வகை என்று எப்படிச் சொல்வது? சில முறை ஜெல் முழுக்கக் கருத்துவிடுகிறது, பட்டையே தெரிவதில்லை. அது ஏன்?

பதில்:

பட்டை நிற்கும் இடத்தை மட்டும் வைத்து வகையைச் சொல்ல முடியாது. ஒரே மாதிரியை ஒரே ஜெல்லில் மூன்று தொகுதியாக ஓட்டி, ஜெல்லை மூன்று துண்டாக வெட்டி, ஒன்றைச் சும்மா, ஒன்றைச் சயனைடோடு, ஒன்றை ஹைட்ரஜன் பெராக்சைடோடு நடத்த வேண்டும். சயனைடில் மறைவது செம்பு-துத்தநாக வகை. சயனைடில் தப்பித்துப் பெராக்சைடில் மறைவது இரும்பு வகை. இரண்டிலும் நிற்பது மாங்கனீசு வகை. இதைச் சொல்வது சுலபம். செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளைப் பட்டை எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். பிழைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நொதிகளுக்கு ஜெல்லில் சாயம் ஏற்றும் முறைகளில் பெரும்பாலானவை நேர்வகை. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் போன்ற ஒன்றை எடுத்தால், நொதி இருக்கும் இடத்தில் நிறம் உண்டாகும், மற்ற இடம் தெளிவாக இருக்கும். எஸ்.ஓ.டி.க்கு போச்சாம்பும் ஃப்ரிடோவிச்சும் 1971-இல் வெளியிட்ட முறை இதற்கு நேர்மாறானது. ஜெல் முழுவதும் என்.பி.டி. என்ற மஞ்சள் நிற டெட்ரசோலியம் உப்பு ஊறியிருக்கும். அப்புறம் ரிபோஃப்ளேவினும் டெமெடும் ஊறும். வெளிச்சம் பட்டதும் ரிபோஃப்ளேவின் கிளர்ச்சியடைந்து டெமெடிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். அப்படி ஒடுக்கமடைந்த ரிபோஃப்ளேவின் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுக்க, சூப்பராக்சைடு பிறக்கும். சூப்பராக்சைடு என்.பி.டி.யை ஒடுக்கி, நீரில் கரையாத ஊதா ஃபார்மசானாக மாற்றும். ஜெல் முழுக்க ஊதாவாவது இப்படித்தான். எஸ்.ஓ.டி. இருக்கும் இடத்தில் மட்டும் சூப்பராக்சைடு என்.பி.டி.யைத் தொடுவதற்குள் நொதி அதைத் தீர்த்துவிடுகிறது. அங்கே நிறம் வராது.

ஆக, நீங்கள் பார்ப்பது நொதியின் நிறத்தை அல்ல, நிறம் இல்லாமையை. நிறம் வராமல் போக வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால்தான் வெள்ளையாகத் தெரிவது எல்லாவற்றையும் எஸ்.ஓ.டி. என்று எழுதிவிடக் கூடாது.

இனி மாதிரி. இலையைப் பனிக்கட்டி மேல் வைத்த உரலில், பி.எச். 7.8 உள்ள 50 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் கரைசலில் அரைக்கவும். அதில் 0.1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.வும், ஃபீனால்களைப் பிடித்து வைக்க 1 முதல் 2 சதவீதம் கரையாத பி.வி.பி.பி.யும் சேர்க்கலாம். 4 டிகிரியில் 15,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றி மேல்நீரை எடுங்கள். டி.டி.டி., மெர்காப்டோஎத்தனால், அஸ்கார்பேட் ஆகியவற்றைப் பழக்கதோஷத்தில் போட்டுவிட வேண்டாம். இவை ஒடுக்கிகள், என்.பி.டி.யோடு நேரடியாகவே வினைபுரியக்கூடியவை. வேறு நொதிக்காக அஸ்கார்பேட் போட்டு எடுத்த சாறுதான் கையில் இருக்கிறது என்றால், உப்பு நீக்கும் சிறு பத்தி ஒன்றில் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெல் வழக்கமான டிரிஸ்-கிளைசின் முறைதான், எஸ்.டி.எஸ். மட்டும் எங்கும் இருக்காது. பிரிக்கும் ஜெல் 10 சதவீதம், பி.எச். 8.8. அடுக்கும் ஜெல் 4 சதவீதம், பி.எச். 6.8. ஓட்டும் கரைசல் 25 மில்லிமோலார் டிரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின். மாதிரியில் கிளிசரால், கொஞ்சம் புரோமோஃபீனால் நீலம், அவ்வளவே. கொதிக்க வைக்கக் கூடாது. எஸ்.டி.எஸ். ஜெல்லுக்குப் பயன்படுத்திய தொட்டியையும் சீப்பையும் நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள், முடிந்தால் தனியாகவே ஒரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிர் அறையில், ஒரு சிறு ஜெல்லுக்கு 15 மில்லியாம்பியர் அளவில் நிதானமாக ஓட்டினால் போதும். அவசரப்பட்டு மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஜெல் நடுவில் சூடேறிப் பட்டைகள் வளைந்து சிரிக்கும்.

ஜெல்லில் எஞ்சியிருக்கும் பெர்சல்ஃபேட் நொதியைக் கெடுக்கும் என்று சொல்லி, சிலர் மாதிரி போடுமுன் ஜெல்லை வெறுமனே அரை மணி நேரம் ஓட்டச் சொல்வார்கள். அடுக்கும் ஜெல் போட்ட பிறகு, ஓட்டும் கரைசலோடு அதைச் செய்தால், கிளைசின் உள்ளே போய் இரண்டு ஜெல்களுக்கும் இடையிலான அமைப்பையே கலைத்துவிடும், பட்டைகள் கூர்மையாக வராது. எஸ்.ஓ.டி. உறுதியான நொதி. ஜெல்லை முதல் நாளே ஊற்றிக் குளிரில் வைத்துவிட்டு மறுநாள் ஓட்டினாலே போதும் என்பது என் கருத்து. மென்மையான வேறு நொதி என்றால், பிரிக்கும் ஜெல்லை மட்டும் அதன் சொந்தக் கரைசலில் முன்கூட்டி ஓட்டி, பிறகு அடுக்கும் ஜெல்லை ஊற்ற வேண்டும்.

நேட்டிவ் ஜெல்லில் புரதம் ஓடுவது அதன் மின்னூட்டம், அளவு, வடிவம் மூன்றையும் பொறுத்தது. எஸ்.டி.எஸ். ஜெல்லில் போல எடைக் குறியீட்டு ஏணியைப் பக்கத்தில் ஓட்டி கிலோடால்டன் படிக்க முடியாது. 'மேலே நிற்பது மாங்கனீசு, கீழே ஓடுவது செம்பு-துத்தநாகம்' என்பது பல தாவரங்களில் பொருந்திவரும், ஆனால் விதி அல்ல. ஒரு பக்கத் தடத்தில் ஈ.கோலை சாறு கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் இது புரியும். அதில் மாங்கனீசு வகை மேலே, இரும்பு வகை வெகுவாகக் கீழே, நடுவில் இரண்டும் ஒவ்வொரு துணையலகு கொடுத்துச் சேர்ந்த கலப்பு இருபடி. இரண்டு தூய வகைகளின் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான், ஓடும் தூரத்தைப் பிரிப்பது மின்னூட்டம். சாயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அந்தத் தடம் உதவும்.

சரி, உங்கள் நாலு பட்டைகளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிராட்ஃபோர்டு முறையில் சாற்றின் புரதம் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு தடத்துக்கு 40 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 16 மைக்ரோலிட்டர் சாறு, அதோடு ஐந்து மடங்கு செறிவுள்ள மாதிரிக் கரைசல் 4 மைக்ரோலிட்டர். ஒன்பது கிணறுகளில் ஒவ்வொரு மூன்றிலும் ஒரே வரிசை: முதலில் 40 மைக்ரோகிராம், அடுத்து அதில் பாதியான 20, மூன்றாவதில் ஈ.கோலை சாறு. ஓடி முடிந்ததும் ஜெல்லை நெடுக்கில் மூன்றாக வெட்டுங்கள். எது எந்தத் துண்டு என்று தெரிய, மூலையில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று அடையாளம் வையுங்கள். எல்லாம் ஊதாவான பிறகு யோசித்தால் நினைவுக்கு வராது.

மூன்று துண்டுகளையும் பி.எச். 7.8 உள்ள 50 மில்லிமோலார் பாஸ்பேட்டில் தனித்தனித் தட்டில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். முதல் தட்டில் பாஸ்பேட் மட்டும். இரண்டாவதில் 3 மில்லிமோலார் பொட்டாசியம் சயனைடு. மூன்றாவதில் 5 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதாவது 50 மில்லிலிட்டருக்கு 30 சதவீதப் பெராக்சைடு சுமார் 25 மைக்ரோலிட்டர். முதல் துண்டையும் அதே அரை மணி நேரம் ஊற வைப்பது முக்கியம். புரதம் ஜெல்லில் நிலையாக நிற்பதில்லை, மெல்ல விரவிக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு மட்டும் நேரே சாயத்துக்குப் போனால், அதன் பட்டைகள் கூர்மையாகவும் மற்றவை மங்கலாகவும் தெரியும், அந்த வேறுபாட்டைத் தடுப்பியின் விளைவு என்று தப்பாகப் படித்துவிடுவோம்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. பெராக்சைடு, நொதியின் செயல்மையத்தை ஆக்சிஜனேற்றம் செய்து மீளாதபடி கெடுக்கிறது. அதனால் ஊற வைத்த பிறகு நீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிடலாம், கழுவவும் வேண்டும். சயனைடு அப்படியல்ல. அது செம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது, கழுவினால் விலகிவிடுகிறது, நொதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆகவே சயனைடுத் துண்டுக்கு அடுத்து வரும் என்.பி.டி. கரைசலிலும், ரிபோஃப்ளேவின் கரைசலிலும் அதே 3 மில்லிமோலார் சயனைடு இருக்க வேண்டும். 'சயனைடு போட்டும் ஒரு பட்டையும் மறையவில்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாயக் கரைசலிலும் போட்டீர்களா என்பதைத்தான்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. பி.எச். 7.8 என்பது நடுநிலைக்குச் சற்று மேலே, அமிலம் இல்லை, ஆகவே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் சயனைடின் பி.கே.ஏ. சுமார் 9.2. அப்படியானால் இந்தக் கரைசலில் சயனைடின் பெரும்பகுதி ஆவியாகக்கூடிய ஹைட்ரஜன் சயனைடாகவே இருக்கிறது. புகைப்போக்கிக் கூண்டுக்குள், மூடிய தட்டில், கையுறையோடு, இன்னொருவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கழிவைத் தனிக் குப்பியில் காரமாக்கி வைத்து, உங்கள் ஆய்வகத்தின் சயனைடுக் கழிவு விதிப்படி ஒப்படைக்க வேண்டும். அமிலம் அதன் பக்கமே வரக் கூடாது. சாயம் ஏற்றிய ஜெல்லை அசிட்டிக் அமிலத்தில் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தத் துண்டுக்கு அதை மறந்துவிட வேண்டும்.

அடுத்து சாயம். 2.45 மில்லிமோலார் என்.பி.டி., அதாவது 50 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம், அதில் 20 நிமிடம். பிறகு 36 மில்லிமோலார் பாஸ்பேட், 28 மில்லிமோலார் டெமெட், 28 மைக்ரோமோலார் ரிபோஃப்ளேவின் கலந்த கரைசலில் 15 நிமிடம். இரண்டும் முழு இருட்டில். டெமெட் 50 மில்லிலிட்டருக்கு 210 மைக்ரோலிட்டர் வரும். டெமெட் ஒரு காரம், அந்த அளவு சேர்த்ததும் பி.எச். ஏறிவிடும். ஆகவே அதைச் சேர்த்த பிறகு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 7.8-க்கு இறக்கி வையுங்கள். சயனைடுத் துண்டுக்கான பங்கில், இந்த பி.எச். சரிசெய்தல் எல்லாம் முடிந்த பிறகே கடைசியாகச் சயனைடைச் சேர்க்க வேண்டும். ரிபோஃப்ளேவின் நீரில் லேசில் கரையாது, எனவே 100 மில்லிலிட்டரில் 5.3 மில்லிகிராம் கரைத்து, கருப்புத் தாள் சுற்றிய குப்பியில் வைத்து, 50 மில்லிலிட்டர் கலவைக்கு அதில் 10 மில்லிலிட்டர் எடுப்பது வசதி.

கடைசியில் கரைசலை வடித்து, ஜெல்லை ஒரு முறை நீரில் அலசி, வெள்ளைத் தாள் மேல் உள்ள கண்ணாடித் தட்டில் பரப்பிக் குழல்விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். 5 முதல் 15 நிமிடத்தில் பின்னணி ஊதாவாகும். கரைசலில் மூழ்க வைத்தால் கரைசலே ஊதாவாகி ஜெல்லை மறைக்கும்.

இப்போது படிக்கலாம். மேலிருந்து எண்ணுவோம். முதல் பட்டை மூன்று துண்டிலும் இருக்கிறது என்றால் மாங்கனீசு வகை. இரண்டாவது, சயனைடுத் துண்டில் இருக்கிறது, பெராக்சைடுத் துண்டில் இல்லை: இரும்பு வகை. மூன்றும் நாலும் இரண்டிலும் இல்லை: செம்பு-துத்தநாக வகை. சயனைடுத் துண்டில் இரண்டு, பெராக்சைடுத் துண்டில் ஒன்று என்று கணக்கு நேராக வந்துவிட்டால் மகிழ்ச்சி. ஈ.கோலை தடத்தில் மாங்கனீசுப் பட்டை மூன்றிலும் நின்று, இரும்புப் பட்டை பெராக்சைடில் மட்டும் மறைந்திருக்க வேண்டும். இப்படி இல்லையென்றால் இலைத் தடத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நடைமுறையில் கணக்கு நேராக வராததுதான் அதிகம். மூன்றாம் பட்டை பெராக்சைடில் முழுதும் மறையாமல் மங்கலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மைக்ரோகிராம் தடத்தைப் பாருங்கள். அங்கே சுத்தமாக மறைந்திருந்தால், 40-இல் நொதி அதிகம், கெட்டது போக மிஞ்சியதுதான் தெரிகிறது. பெராக்சைடு பழசாகி வலுவிழந்திருந்தாலும் இப்படி வரும், அப்போது ஈ.கோலையின் இரும்புப் பட்டையும் மிஞ்சி நிற்கும். இலைச் சாற்றில் கேட்டலேஸ் நிறைய உண்டு, அதுவும் இதே ஜெல்லில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள பட்டையைச் சுற்றிப் பெராக்சைடு தீர்ந்துபோகலாம். ஜெல்லின் ஓரிடத்தில் சிறு குமிழிகள் எழுவதைக் கண்டால் கேட்டலேஸ் அங்கே என்று அர்த்தம். கரைசலைத் தாராளமாக ஊற்றி, நடுவில் ஒரு முறை புதிதாக மாற்றினால் இந்தச் சிக்கல் குறையும்.

இரும்புப் பட்டையே இல்லை என்றாலும் பதற வேண்டாம். அராபிடாப்சிஸ் செடியில், செம்பு போதுமான அளவு கிடைக்கும்போது பசுங்கணிகத்தின் இரும்பு எஸ்.ஓ.டி. அடங்கியும், செம்பு குறையும்போது அது எழும்பியும் வருவது நன்கு நிறுவப்பட்டது. செடி வளர்ந்த ஊட்டக் கரைசலில் செம்பு எவ்வளவு என்பது உங்கள் ஜெல்லில் தெரியும்.

நாலும் எஸ்.ஓ.டி. தானா என்ற கேள்விக்கு வருவோம். சயனைடிலோ பெராக்சைடிலோ மறையும் பட்டைகள் அந்த மறைதலாலேயே தங்களை ஓரளவு நிரூபித்துவிடுகின்றன. சந்தேகம் எப்போதும் 'மாங்கனீசு' என்று நாம் எழுதும் பட்டை மேல்தான், ஏனென்றால் எதற்கும் அசையாத எல்லாமே அந்தப் பெயருக்குள் வந்து விழுகின்றன. எதிர்மறைச் சான்றை வைத்துப் பெயர் சூட்டுகிறோம். முடிந்தால், மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்து ஓட்டி அந்தப் பட்டை அங்கே செறிவாக வருகிறதா என்று பாருங்கள், அல்லது அதற்கான எதிர்ப்பொருளால் இன்னொரு ஜெல்லில் சரிபாருங்கள். சாய முனையோடு சேர்ந்து அடியில் ஓடும் வெளிறலை எண்ணவே எண்ணாதீர்கள், அது சிறு மூலக்கூறுகள் கூடும் இடம்.

இன்னொரு எளிய சோதனை: என்.பி.டி. ஊறல் முடிந்ததும், ரிபோஃப்ளேவினுக்குப் போகுமுன், மங்கிய வெளிச்சத்தில் ஜெல்லை ஒரு நொடி பாருங்கள். அப்போதே எங்காவது ஊதா தெரிந்தால், வெளிச்சமும் சூப்பராக்சைடும் இல்லாமலே என்.பி.டி.யை ஒடுக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. மாதிரியில் ஒடுக்கி மிச்சமிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஜெல் முழுக்கக் கருத்துப் பட்டை மறைவது அனேகமாக வெளிச்சம் மிகுந்ததால். எஸ்.ஓ.டி. இருக்கும் இடத்திலும் சூப்பராக்சைடில் ஒரு சிறு பங்கு நொதியிடமிருந்து தப்பி என்.பி.டி.யை அடையும். பின்னணி கருமையின் உச்சத்தைத் தொட்ட பிறகும் வெளிச்சத்தில் வைத்திருந்தால், பட்டைக்குள் நிறம் சேர்ந்துகொண்டே போகும். மங்கலான பட்டை முதலில் மூடும், தடித்தது கடைசியில். ஆகவே 5 நிமிடத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள், பிறகு நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். ஊறும்போதே வெளிச்சம் பட்டிருந்தாலும் இதே கதிதான். சாயம் ஏற்றிய பிறகு கழுவி மேசைமேல் வைத்த ஜெல்லும், உள்ளே மிஞ்சிய ரிபோஃப்ளேவினால் மெல்லக் கருத்துக்கொண்டுதான் இருக்கும். நாளை படம் எடுக்கலாம் என்று விடாதீர்கள். மாறாக, ஜெல் ஊதாவாகவே மறுத்தால் ரிபோஃப்ளேவின் பழசு, அல்லது டெமெட் விட்டுப்போயிற்று.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள்: பட்டையின் வெண்மையை அளந்து நொதியின் அளவைச் சொல்வது. நொதியும் என்.பி.டி.யும் ஒரே சூப்பராக்சைடுக்காகப் போட்டியிடுகின்றன. எளிய கணக்கில், நிறத்தை 50 சதவீதம் தடுக்கும் அளவை ஒரு அலகு என்று வைத்தால், 3 அலகு 75 சதவீதம் தடுக்கும், 9 அலகு 90 சதவீதம், 18 அலகு சுமார் 95 சதவீதம். 9-இலிருந்து 18-க்கு நொதி இரட்டிப்பானாலும் வெண்மை 5 சதவீதம்தான் கூடுகிறது, கண்ணுக்குப் பட்டை கொஞ்சம் அகலமானது போல மட்டுமே தெரியும். வறட்சியில் வாடிய செடியில் நொதி 'மாறவில்லை' என்று ஜெல்லை மட்டும் பார்த்து எழுதும் முன், 40, 20, 10, 5 மைக்ரோகிராம் என்று நீர்த்த வரிசையை இரண்டு மாதிரிக்கும் ஒரே ஜெல்லில் ஓட்டி, எந்த நீர்ப்பில் பட்டை மறைகிறது என்பதை ஒப்பிடுங்கள். கட்டுப்பாட்டுச் செடியின் பட்டை 10 வரை மட்டும் தெரிந்து, வாடிய செடியினது 5 வரை தெரிந்தால், வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சரியான எண் வேண்டுமென்றால் அதைக் குழாயில் செய்யும் அளவீட்டில்தான் பெற வேண்டும். அங்கே மூன்று வகையும் சேர்ந்த மொத்தம்தான் கிடைக்கும், அந்த மொத்தம் எந்தப் பட்டையிலிருந்து வந்தது என்பதை இந்த ஜெல் சொல்லும்.